விபத்து எப்படி நடந்தது? நான்கு வரிகளில் எழுதுக

காப்பீட்டு நிறுவனம் கொடுத்த படிவத்தில் ஏழாவது கேள்வி அது. கீழே பதில் எழுத நான்கு கோடுகள். நான் ஒன்றரைக் கோட்டில் முடித்துவிட்டேன்: ‘ஆசாரியின் கவனக்குறைவால், ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தில் இடது கை பட்டு இரண்டு விரல்கள் துண்டாயின.’ பாலிசி போட்டுக் கொடுத்த முகவரிடம் போனில் படித்துக் காட்டினேன். “அப்படியே இருக்கட்டும்ணே, சுருக்கமா இருந்தா சிக்கல் வராது” என்றார்.

நான் பொய் எழுதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இருபத்திரண்டு வருடமாக மதுரைக்கு வெளியே கட்டில், பீரோ, கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆட்கள் ஏழு பேர். மெஷினில் கை போனால் அது கவனக்குறைவு என்பதே எங்கள் தொழிலில் பேச்சு. கை போனவரும் அதையேதான் சொல்லுவார்.

பதினொரு நாள் கழித்து நிறுவனத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். ஓய்வுபெற்ற மெக்கானிக்கல் என்ஜினியர். தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக மெஷினிடம் போனார். என் ஒன்றரை வரியைப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கை ரம்பத்துல பட்டுச்சா, இல்ல ரம்பம் கையை இழுத்துக்கிட்டுப் போச்சா?”

அந்தக் கேள்விக்கு எனக்கு பதில் தெரியவில்லை. அன்று மதியம் முழுவதும் அவரும் நானும் அந்தப் பதிலைத்தான் தேடினோம்.

நடந்தது இது. 2023 ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. கட்டில் சட்டத்துக்காக ஒரு நாட்டுத் தேக்குப் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தார் எங்கள் ஆசாரி. வயது நாற்பது, அதில் பதினெட்டு வருடம் மெஷினில். பலகை ஆறு அடி நீளம், ஐந்து அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல கனம். மேசை ரம்பம் உள்ளூரில் செய்தது: இரும்பு மேசை, கீழே மோட்டார், பெல்ட், மேசையின் நடுவில் இருக்கும் பிளவு வழியாக எட்டிப் பார்க்கும் 12 அங்குல பிளேடு. பின்பக்கம் நின்று பலகையை வாங்குகிற பையன் டீ வாங்கப் போயிருந்தான். நான்கு அடி அறுத்தாகிவிட்டது, இன்னும் இரண்டு அடி பாக்கி. ‘டமார்’ என்று ஒரு சத்தம். நான் அலுவலக அறையிலிருந்து ஓடி வந்தபோது பலகை ஆசாரிக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றில்தான் அடி என்று ஒரு நொடி எல்லோரும் நினைத்தோம். அவரும்கூட அப்படித்தான் நினைத்திருக்கிறார். பிறகுதான் கையைப் பார்த்தோம். ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணுவும், நடுவிரலில் மேல் கணுவும் இல்லை.

விரல்களைத் தேடி எடுத்தோம். அப்போது நாங்கள் செய்த தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். டீக்கடையிலிருந்து ஐஸ் வாங்கி, விரல்களை நேராக அதற்குள் போட்டுக் கொண்டுபோனோம். அப்படிச் செய்யக் கூடாதாம். அறுந்த பாகத்தைச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். எங்கள் விஷயத்தில் சரியாகக் கொண்டுபோயிருந்தாலும் ஒட்டவைத்திருக்க முடியாது என்றார் மருத்துவர். கத்தி வெட்டினால் கோடுபோல வெட்டும். ரம்பப் பல் அப்படி வெட்டாது; மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு எலும்பையும் நரம்பையும் தூளாக்கிவிட்டுத்தான் போகும்.

பலகை அடித்த வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

இனி விசாரணையாளரின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு ரம்பம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். மேசை ரம்பத்தின் முன்னால் நிற்பவரின் பக்கம் இருக்கிற பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு சேர்த்து அழுத்தியபடி அறுக்கும். அதனால் முன்பக்கம் பயமில்லை; மரம் அடங்கித்தான் கிடக்கும். பிளேடின் பின்பக்கத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே பற்கள் மேசைக்கு அடியிலிருந்து மேலே எழும்பி, உச்சிக்கு வந்து, நிற்பவரை நோக்கி ஓடுகின்றன. பின்பக்கப் பற்கள் மரத்தைத் தொடாதவரை பிரச்சினை இல்லை. முன்பற்கள் வெட்டிவிட்டுப் போன இடைவெளியில் அவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஏதோ காரணத்தால் மரம் அவற்றின்மேல் அழுந்தினால், அவை மரத்தைக் கவ்வித் தூக்கி, பிளேடின் தலைக்கு மேலாக, நிற்பவரின் மேல் எறியும். ஆங்கிலத்தில் கிக்பேக் என்கிறார்கள். எங்கள் பட்டறையில் ‘எத்திடுச்சு’ என்போம், மாடு எத்துவதுபோல. மாடு எத்துவதற்கு முன் காலைத் தூக்கும். இதிலும் அப்படி ஓர் அறிகுறி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எறியும் வேகத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார் அவர். 12 அங்குல பிளேடின் சுற்றளவு கிட்டத்தட்ட 96 சென்டிமீட்டர். எங்கள் மெஷினில் அது நிமிடத்துக்கு 2,800 முறை சுற்றுகிறது. அப்படியானால் பல்லின் வேகம் மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய பந்தின் வேகம் 161.3. மரம் அந்த முழு வேகத்தையும் எட்டாது என்றாலும், பந்தைவிடப் பல மடங்கு கனமான தேக்குப் பலகை அது; நிற்பவருக்கும் அதற்கும் இடையே இரண்டே அடி. “கவனமா இருந்திருந்தா கையை எடுத்திருக்கலாம்னு எழுதியிருக்கீங்க. ஒரு மனுசன் திடுக்கிட்டுக் கையை இழுக்க எப்படியும் ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அதுக்குள்ள இந்த பிளேடு ஒன்பது சுத்து சுத்தியிருக்கும். நாற்பது பல். முன்னூத்தி எழுபது பல் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும்” என்றார்.

சரி, மரம் ஏன் பின்பற்களின் மேல் அழுந்தியது? “அந்தப் பலகை எங்கே?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ரத்தம் பட்ட மரம் கண்ணில் படக் கூடாது என்று அன்றைக்கே விறகுக் குவியலில் போடச் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, டீ வாங்கப் போயிருந்த பையன் அதை எடுத்து ஒதுக்கிவைத்திருந்தான். ‘ஆசாரி திரும்பி வந்தா கேப்பாரு’ என்றானாம்.

பலகையை மேசைமேல் கிடத்தினோம். நான்கு அடி அறுபட்ட பிளவு தெளிவாகத் தெரிந்தது. எங்கள் பிளேடு வெட்டும் பிளவு 3.2 மில்லிமீட்டர் அகலம். ரம்பம் நின்ற இடத்தில் அந்த அளவு சரியாக இருந்தது. அங்கிருந்து பலகையின் தொடக்க முனையை நோக்கி வர வர குறைந்துகொண்டே வந்து, முனையில் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அறுக்க அறுக்க, பின்னால் மரம் மூடிக்கொண்டே வந்திருக்கிறது.

மரம் இப்படிச் செய்வது ஆசாரிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளரும் மரத்தின் வெளிப்பகுதி இழுபட்டும் உட்பகுதி அழுத்தப்பட்டும் இருக்கும். உலர்த்தும்போது அவசரப்பட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் நின்று, இன்னொரு இழுபறி சேர்ந்துகொள்ளும். முழுப் பலகையாக இருக்கும்வரை இந்த விசைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அமைதியாக இருக்கும். நடுவில் அறுத்தால் அந்தப் பிடி விட்டுப்போகிறது. சில பலகைகள் விரியும், சில பலகைகள் மூடும். எது எப்படிப் போகும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பலகை நான் மழைக்கு முன்னால் வாங்கியது. காயவைக்க இன்னும் ஒரு மாதம் கொடுத்திருக்க வேண்டும். கல்யாண ஆர்டர் என்று எடுத்துவிட்டேன்.

பிளவின் உள்சுவரைப் பார்க்கச் சொன்னார். முதல் மூன்று அடி சுத்தமாக, தேக்கின் நிறத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கச் சுவரும் கறுத்துப்போயிருந்தன. மரம் மூடிக்கொண்டு பிளேடின் இரு பக்கத்தையும் தேய்த்ததால் வந்த சூடு அது. கடைசியில் பலகையின் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு ஆழமான கீறல். பலகை பிளேடின்மேல் ஏறி, தூக்கி எறியப்பட்ட இடம். “இந்தக் கறுப்பு ஒரு அடி நீளத்துக்கு இருக்கு. திடீர்னு நடக்கல. பத்து, பதினைஞ்சு நொடி முன்னாடியே மெஷின் சொல்லியிருக்கு” என்றார்.

மாலையில் ஆசாரியின் வீட்டுக்குப் போனோம். அவர் சொன்னதும் அதுவேதான். “சத்தம் மாறுச்சுண்ணே. மோட்டார் முனகுச்சு. லேசா கருகுன வாடை. பின்னாடி மரம் புடிக்குதுன்னு தெரிஞ்சுது. பையன் இருந்தா ஆப்பு வச்சிருப்பான். அவன் இல்ல. நானே விரிச்சு விடலாம்னு இடது கையை பிளேடுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி பலகையைப் புடிச்சேன். அதுக்கப்புறம் சுவத்துலதான் சாஞ்சிருந்தேன்.”

மோட்டாரின் முனகலும் கருகல் வாடையும்தான் மாடு காலைத் தூக்குவது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பலகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணைப்பது. எங்கள் மெஷினில் சுவிட்சு எங்கே இருந்தது தெரியுமா? மேசைக்கு இடது பக்கச் சுவரில், ஐந்தடி தள்ளி. அணைக்கப் போனால் பலகையை விட வேண்டும். விட்டால் அது பறக்கும். ஆசாரி அந்த நொடியில் தனக்கு இருந்த ஒரே வழியைத்தான் எடுத்திருக்கிறார்.

பிளேடுக்கு அந்தப் பக்கம் கை போனதுதான் விரல் போகக் காரணம். பலகை பின்னாலிருந்து முன்னால் எறியப்படும்போது, அதன்மேல் அழுத்திப் பிடித்திருந்த கையும் கூடவே வந்தது. வழியில் பிளேடு. ரம்பம் கையை இழுத்துக்கொண்டு போனதா என்ற கேள்விக்கு இதுதான் பதில். கையை இழுத்தது பலகை.

எனக்கு மனம் கொஞ்சம் லேசானது. ஆசாரியின் தவறு இல்லை, மரத்தின் குணம் என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் பிளேடின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, “இங்க ரெண்டு போல்ட் ஓட்டை இருக்கே, என்ன இருந்துச்சு?” என்றார்.

அங்கே ஒரு தகடு இருந்தது. பிளேடுக்கு நேர் பின்னால், அதன் வளைவுக்கு ஏற்றபடி வளைந்து நிற்கும் எஃகுத் தகடு. பல் வெட்டிப்போன பிளவுக்குள் இந்தத் தகடு நுழைந்து நிற்கும். மரம் மூடப் பார்த்தால் தகட்டைத்தான் கவ்வும். தகடு சுற்றாது, மரம் நகராமல் நின்றுபோகும், அவ்வளவுதான். பின்பற்களை மரம் தொடவே முடியாது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 1922ஆம் ஆண்டு மரவேலை எந்திர விதிகளிலேயே இந்தத் தகடு கட்டாயம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளும் அதையே கேட்கின்றன: வட்ட ரம்பத்துக்குப் பின்னால், பற்களை ஒட்டினாற்போல் இந்தத் தகடு நிற்க வேண்டும், மரத்தைத் தள்ள ஒரு தள்ளுக்கட்டை பக்கத்தில் இருக்க வேண்டும். ஏழு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த விதிகளைக் கேட்டு யாரும் வருவதில்லை. மரத்துக்கு ஆள் கணக்குத் தெரியாது.

“யார் கழட்டினது?” என்றார்.

நான்தான். 2019இல். கதவுச் சட்டத்தில் கண்ணாடியோ பலகையோ உட்கார்வதற்குக் காடி எடுப்போம். காடி என்பது பாதி ஆழத்துக்கு மட்டும் வெட்டும் பள்ளம். எங்கள் மெஷினில் வந்த தகடு பிளேடைவிட உயரம். பாதி ஆழம் வெட்டும்போது பலகை அதில் போய் இடிக்கும். அதனால் கழற்றினேன். காடி வேலை இரண்டு நாளில் முடிந்தது. தகடு சுவரில் ஓர் ஆணியில் நான்கு வருடம் தொங்கியது. அவர் அதை எடுத்தபோது சுவரில் தகடு வடிவத்தில் தூசி படியாத இடம் ஒன்று தெரிந்தது. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். பலகை நேராகப் போவதற்காக பிளேடுக்கு வலது பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டை இருக்கும், கைடு என்போம். பிளேடின் முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் அதற்குள்ள தூரத்தை அளந்தார். பின்னால் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. அதாவது மரம் உள்ளே போகப் போக, கைடே அதைப் பின்பற்களின் பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. கைடை இறுக்கும் கைப்பிடி தேய்ந்திருந்ததால் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. என் தவறு என்றால் பணம் கிடைக்காதே என்ற பயம். அவர் உட்கார்ந்து சட்டத்தை விளக்கினார்.

பத்துப் பேருக்குக் குறைவான எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. வேலையில் அடிபட்டால் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளிதான் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத்தான் நான் பிரீமியம் கட்டிக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தேன். அந்தச் சட்டத்தில் தொழிலாளியின் கவனக்குறைவு என்பது ஒரு காரணமே இல்லை. கவனம் இல்லாமல் அடிபட்டாலும் முழுத் தொகை உண்டு. நிரந்தர முழு ஊனமோ மரணமோ ஏற்படாத காயங்களில் மட்டும் மூன்று விலக்குகள்: தொழிலாளி குடித்திருந்தது, பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே அதை வேண்டுமென்றே கழற்றியது அல்லது அலட்சியம் செய்தது. “உங்க ஒன்றரை வரியால ஆசாரிக்கு ஒரு ரூபாய்கூட குறையாது. உங்களுக்கும் ஒரு ரூபாய்கூட கூடாது. ஆனா தகட்டை ஆசாரிதான் கழட்டினார்னு எழுதியிருந்தீங்கன்னா, அவர் வயித்துல அடிச்சிருப்பீங்க” என்றார். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

முதலாளி தகட்டைக் கழற்றியதற்கு வேறு விளைவு. நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், சட்டக் கடமைகளைச் செய்ய வேண்டும் என்று பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைக் காட்டி நிறுவனம் என்னிடம் கணக்குக் கேட்கலாம். அப்படிக் கேட்டாலும் ஆசாரிக்குக் கொடுக்கும் கடமை என்னைவிட்டுப் போகாது. என் கைக்காசில் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அன்று இரவு ஏழாவது கேள்விக்கான பதிலைத் தனித்தாளில் திரும்ப எழுதினேன்:

‘ஆறு அடி தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது, நான்கு அடி அறுபட்ட நிலையில், பிளவு பின்பக்கம் மூடிக்கொண்டு பிளேடை இறுக்கியது. பிளவைத் திறந்து வைக்கும் தகடு மெஷினில் இல்லை. அதை 2019இல் கழற்றியவன் நான்; திரும்ப மாட்டும்படி யாரிடமும் சொல்லவில்லை. கைடு பின்பக்கம் ஒன்றரை மி.மீ. நெருங்கியிருந்தது. பின்னால் நின்று ஆப்பு வைக்கும் உதவியாளர் அப்போது இல்லை. நிறுத்தும் சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மோட்டார் திணறுவதை உணர்ந்த ஆசாரி பிளவை விரிக்க இடது கையால் பிளேடுக்குப் பின்னால் பலகையைப் பிடித்தார். பலகை அவரை நோக்கித் தூக்கி எறியப்பட்டது. பலகையோடு வந்த கை பிளேடின்மேல் இழுக்கப்பட்டது. பலகை அவர் வயிற்றிலும் அடித்தது.’

மறுநாள் ஆசாரியிடம் படித்துக் காட்டினேன். “ஆப்பு எடுத்து வச்சுக்காதது என் தப்புதானேண்ணே, அதையும் எழுதுங்க” என்றார். எழுதவில்லை.

அடுத்தது தொகை. வாசகர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஒரு விரலுக்கு எவ்வளவு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 11 சதவீத இழப்பு. நடுவிரலில் ஒரு கணு போனால் 7. ஒரே விபத்தில் நேர்ந்ததால் இரண்டையும் கூட்டலாம்: 18. ஆசாரிக்கு நான் கொடுத்தது நாளுக்கு 900 ரூபாய்; மாதம் இருபத்தாறு நாள் என்றால் 23,400. ஆனால் 2020 ஜனவரியிலிருந்து கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. நாற்பது வயதுக்கு அட்டவணை தரும் எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. அதில் 18 சதவீதம் 2,98,355 ரூபாய்.

நிறுவனம் தருவதாகச் சொன்னது 2,38,684. ஏன் குறைவு? பிரீமியம் குறையட்டும் என்று பாலிசியில் ஆசாரியின் சம்பளத்தை நான் 12,000 என்று காட்டியிருந்தேன். நான் காட்டிய சம்பளத்துக்கே அவர்கள் கணக்குப் போட்டார்கள். மீதி 59,671 ரூபாயை நான் கொடுத்தேன். நான்கு வருடத்தில் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தகடு இல்லாததை அவர்கள் அறிக்கையில் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அதைக் காட்டித் தொகையை மறுக்கவில்லை. தகடு மாட்டியதற்கான போட்டோ அனுப்பினால்தான் அடுத்த வருடம் பாலிசி என்று கடிதம் வந்தது.

அட்டவணைச் சதவீதம் ஒரு தச்சருக்கு உண்மையில் போதுமா என்று கேட்டால், என் பதில் போதாது என்பதுதான். இடது கை ஆள்காட்டி விரல்தான் உளியைத் திசை பிடிக்கும். குமாஸ்தாவுக்கும் ஆசாரிக்கும் ஒரே 11 சதவீதம் எழுதிவைத்த அட்டவணை இதை அறியாது. நீதிமன்றம் அறிந்த ஒரு வழக்கு உண்டு. சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து, முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே எடுக்க வேண்டும் என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரல்களுக்கு அந்த அளவு நீட்டிக் கேட்க முடியாது. ஆனால் வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை ஆசாரிக்கு உண்டு என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் போகவில்லை.

மெஷினுக்கு என்ன செய்தோம் என்று இனிச் சொல்கிறேன். பழைய தகட்டை அப்படியே மாட்டவில்லை. லேத் பட்டறையில் புதிதாக ஒன்று வெட்டி வாங்கினோம். இதன் உச்சி பிளேடின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வு. அதனால் காடி எடுக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை. தகட்டின் கனத்தில்தான் சூட்சுமம். எங்கள் பிளேடின் உடல் 2.2 மில்லிமீட்டர், அது வெட்டும் பிளவு 3.2. தகடு இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும், எங்களுடையது 2.6. பிளேடின் உடலைவிட மெலிந்தால் மரத்தை விரித்துப் பிடிக்காது. பிளவைவிடத் தடித்தால் மரம் அதில் சிக்கி நிற்கும். எரிச்சலில் யாராவது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். மெல்லிய பிளேடு வாங்கிப் போடும் நாளில் தகட்டையும் மாற்ற வேண்டும். இதை மறந்துதான் பல பட்டறைகளில் தகடு காணாமல் போகிறது. சுவிட்சை மேசைக்கு அடியில், முழங்காலால் தட்டி அணைக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தோம். கைடின் கைப்பிடியை மாற்றினோம்.

நகரத்தில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சி இதைவிட மோசம். வீட்டு வேலைக்கு வரும் தச்சர்கள், டைல்ஸ் வெட்டும் நான்கு அங்குல கையடக்க மெஷினை ஒரு பலகையின் அடியில் தலைகீழாகக் கட்டி, மேசை ரம்பமாக்கிப் பிளைவுட் அறுப்பார்கள். அந்தச் சின்ன மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 13,000 முறை சுற்றுகிறது. பல்லின் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர்; என் மெஷினைவிட அதிகம். தகடும் இல்லை, மூடியும் இல்லை; சுவிட்சை ‘ஆன்’ நிலையில் பூட்டி, பிளக் பாயிண்டில் போட்டு நிறுத்துவார்கள். சமையலறை அலமாரிக்கு ஆள் விட்டிருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். மெஷினுக்கு நேர் பின்னால் உங்கள் பிள்ளை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், பக்கவாட்டுக்கு நகர்த்திவிட்டாவது வாருங்கள்.

ஆசாரி மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். மேசை ரம்பத்துக்குப் போகவில்லை. நான் அனுப்பவும் இல்லை. இழைப்பும் பாலீஷும் பார்க்கிறார். கூலி அதே கூலி. ரம்பத்தில் இப்போது அந்தப் பையன் நிற்கிறான். பலகையை எடுத்துவைத்த அதே பையன்தான்.

2025 நவம்பர் 21 முதல், நான் சொன்ன 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. பட்டறை வைத்திருப்பவர்கள் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, புதிய சட்டப்படிதான் எழுதியிருக்கிறதா என்று முகவரிடம் கேளுங்கள். ஆட்களின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் உள்ளபடி காட்டுங்கள். அதோடு, பட்டறைக்குள் போய் ரம்பத்தின் பின்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். போல்ட் ஓட்டைகள் காலியாக இருந்தால், சுவரில் எந்த ஆணியில் என்ன தொங்குகிறது என்றும் பாருங்கள்.